சி.டி.சி.யில் 1,20,000 அதிகம், கையில் 2,400 குறைவு: இரண்டு சம்பளக் கடிதங்களின் கணக்கு

கேள்வி: "மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்ல ஒரு கம்பெனியில நாலு வருஷம் ரெண்டு மாசமா வேலை பாக்குறேன். இந்த ஜூலையில சம்பள உயர்வுக் கடிதம் குடுத்தாங்க. சி.டி.சி. 6,48,000-லருந்து 7,20,000. ஏப்ரல் 1-லருந்து அமல்னு போட்டிருக்கு. வடபழஞ்சியில இன்னொரு கம்பெனி 8,40,000-க்கு ஆஃபர் லெட்டர் அனுப்பியிருக்கு. ரெண்டு லெட்டர் பின்னாடியும் பட்டியல் இருக்கு, ரெண்டுலயும் மாச கிராஸ் 56,000-னுதான் போட்டிருக்கு. அப்ப 1,20,000 எங்க போச்சு? வீடு ஒத்தக்கடை, மாசம் 18,500 வீட்டுக் கடன் கட்டுறேன். எதை எடுக்கலாம் அண்ணே?"

பதில்:

தம்பி, அந்த 1,20,000 எங்கேயும் காணாமல் போகவில்லை. நீங்கள் அனுப்பிய பட்டியலிலேயே நான்கு வரிகளில் பிரிந்து கிடக்கிறது. ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட மாதச் சம்பளமாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. அதனால்தான் இரண்டு கிராஸும் ஒன்றாக நிற்கின்றன.

சி.டி.சி. என்பது உங்கள் சம்பளம் அல்ல. உங்களை வேலைக்கு வைத்துக்கொள்வதற்காக நிறுவனம் ஒரு வருடத்தில் செலவழிக்கப் போவதாகச் சொல்லும் மொத்தத் தொகை. அதில் மாதாமாதம் கைக்கு வருவது, உங்கள் பெயரில் சேமிப்பாகச் சேர்வது, நிபந்தனையோடு வரலாம் என்று சொல்லப்படுவது, உங்களுக்காக வேறொருவருக்குக் கட்டப்படுவது என எல்லாம் கலந்திருக்கும். பட்டியலின் ஒவ்வொரு வரியையும் இந்த நான்கில் எதில் சேரும் என்று பார்த்து விட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் இப்போதைய நிறுவனத்தின் கடிதம். மாதக் கணக்கில் அடிப்படைச் சம்பளம் 30,000, வீட்டு வாடகைப் படி 12,000, சிறப்புப் படி 14,000. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கிராஸ் 56,000. அதற்குக் கீழே நிறுவனத்தின் பங்காக பி.எஃப். 1,800, கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்கு 1,443, மருத்துவக் காப்பீடு 757. எல்லாம் சேர்த்து 60,000. பன்னிரண்டு மாதத்துக்கு 7,20,000.

இதை உங்கள் பழைய பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடிதத்தில் 11.1 சதவீத உயர்வு என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். சி.டி.சி.யைப் பொறுத்தவரை அது சரிதான், மாதம் 54,000 என்பது 60,000 ஆகியிருக்கிறது. ஆனால் பழைய கிராஸ் 51,161, புதியது 56,000. கூடியது 6,000 அல்ல, 4,839. சதவீதத்தில் ஏறக்குறைய ஒன்பதரை. மீதி 1,161 எங்கே என்றால், முன்பு அடிப்படைச் சம்பளம் 21,600 ஆக இருந்தது, இப்போது 30,000 ஆகியிருக்கிறது. கிராஜுவிட்டி ஒதுக்கீடு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்பதால் அது 1,039-லிருந்து 1,443-க்கு ஏறியது. அதில் 404. காப்பீட்டுப் பிரீமியம் பழைய பட்டியலில் இல்லவே இல்லை, இப்போது புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். அதில் 757. காப்பீடு உங்களுக்கு முன்பும் இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால் நிறுவனம் தன் செலவில் கொடுத்து வந்ததை இந்த வருடம் உங்கள் உயர்வுக்குள் தள்ளிவிட்டது என்று பொருள். சட்டப்படி தவறில்லை, ஆனால் உயர்வு எவ்வளவு என்று பேசும்போது நீங்கள் சொல்ல வேண்டிய எண் 9.5, 11.1 அல்ல.

அடிப்படைச் சம்பளம் திடீரென்று 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்துக்குப் போனதற்கும் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும் என்று இருக்கிறது. அதனால் பல நிறுவனங்கள் பட்டியலையே மாற்றி எழுதுகின்றன. பி.எஃப். முழு அடிப்படைச் சம்பளத்தில் பிடிக்கும் இடங்களில் இந்த மாற்றத்தால், உயர்வு வந்த மாதத்திலேயே கைச்சம்பளம் குறைவதும் உண்டு. உங்கள் நிறுவனம் பி.எஃப்.-ஐச் சட்டப்படியான உச்சவரம்பான 15,000-க்கு மட்டும், அதாவது 12 சதவீதமாக 1,800 மட்டும் கட்டுவதால் உங்களுக்கு அந்த இடி இல்லை.

இப்போது வடபழஞ்சி நிறுவனத்தின் பட்டியல். ஆண்டுக்கு 8,40,000 என்றால் மாதம் 70,000. அதில் அடிப்படைச் சம்பளம் 35,000, வீட்டு வாடகைப் படியும் சிறப்புப் படியும் சேர்ந்து 21,000, ஆகக் கிராஸ் 56,000. கீழே செயல்பாட்டைப் பொறுத்து வரும் வேரியபிள் பே 7,000, நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 4,200, கிராஜுவிட்டி 1,684, காப்பீடு 1,116. வித்தியாசத்தை ஆண்டுக்குப் பிரித்தால் வேரியபிள் 84,000, பி.எஃப். 28,800, காப்பீடு 4,308, கிராஜுவிட்டி 2,892. கூட்டினால் சரியாக 1,20,000.

கிராஸ் ஒன்றாக இருந்தாலும் கைக்கு வருவது ஒன்றாக இருக்காது. நிறுவனம் எவ்வளவு பி.எஃப். போடுகிறதோ அதே அளவு உங்கள் சம்பளத்திலிருந்தும் பிடிக்கும். இது கிராஸுக்குப் பிறகு நடக்கும் பிடித்தம் என்பதால் பல பட்டியல்களில் காட்டப்படுவதே இல்லை, முதல் சம்பளச் சீட்டில்தான் தெரியும். இப்போதைய இடத்தில் 1,800 பிடித்து, தொழில்வரிக்கு மாதச் சராசரியாக 208 ஒதுக்கினால் கைக்கு 53,992. புதிய இடத்தில் 4,200-ம் 208-ம் போக 51,592. அதாவது சி.டி.சி.யில் 1,20,000 கூடுதல் உள்ள வேலையில் மாதம் 2,400 குறைவாக வரும். தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறை 1,250 என்று மொத்தமாகப் பிடிப்பார்கள். அந்த மாதம் மட்டும் சம்பளம் குறைந்து தெரியும், பயப்பட வேண்டாம்.

வருமான வரியை இந்த ஒப்பீட்டில் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை. புதிய வரி முறையில் 75,000 நிலைக் கழிவு போக 12 லட்சம் வரை வரி வராது. இரண்டு வேலையிலும், வேரியபிள் முழுதாக வந்தாலும்கூட, நீங்கள் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறீர்கள். இதனால் இன்னொன்றும் கிடைக்கிறது: வீட்டு வாடகைப் படி 12,000-ஆ 15,000-ஆ என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். புதிய முறையில் அதற்கு விலக்கும் இல்லை, வரியே இல்லாதபோது விலக்கு தேவையும் இல்லை. அது வெறும் சம்பளம்தான். "எங்கள் பட்டியல் வரி மிச்சப்படுத்தும்படி அமைத்தது" என்று யாராவது சொன்னால், உங்கள் சம்பளத்துக்கு அதில் எந்தப் பயனும் இல்லை.

கைக்கு 2,400 குறைகிறது என்பதற்காக வடபழஞ்சி ஆஃபரை மோசம் என்று தள்ளிவிடவும் கூடாது. பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பி.எஃப்.-இல் போகும் பணம் உங்களுடையது. இப்போதைய நிறுவனம் கட்டும் 1,800-ல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும், மீதி 550 உங்கள் பி.எஃப். கணக்கில் சேரும். உங்கள் 1,800-ஐயும் கூட்டினால் மாதம் 2,350. புதிய இடத்தில் 4,200-ல் ஓய்வூதியத்துக்கு அதே 1,250 மட்டும்தான் போகும், மீதி 2,950. உங்கள் 4,200-ஐயும் கூட்டினால் மாதம் 7,150. ஆக, கையில் 2,400 குறைந்து கணக்கில் 4,800 கூடுகிறது. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம் கொடுத்தார்கள், பாதுகாப்பான இடத்தில் அது நல்ல வட்டி. ஆண்டுக் கணக்கில் கைச்சம்பளத்தையும் பி.எஃப்.-ஐயும் கூட்டினால் இப்போதைய வேலை 6,76,104, புதியது 7,04,904. உறுதியான வித்தியாசம் 28,800. அதாவது 1,20,000-ல் நிச்சயமாக உங்களுடையது என்று சொல்லக்கூடியது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில நிறுவனங்கள் பட்டியலில் பி.எஃப்.-ஐ அடிப்படைச் சம்பளத்தில் 13 சதவீதம் என்று காட்டும். 12 சதவீதம்தான் உங்கள் பங்கோடு சேர்வது. கூடுதல் ஒரு சதவீதம் காப்பீட்டு நிதிக்கும் நிர்வாகக் கட்டணத்துக்கும் போவது, உங்கள் பாஸ்புக்கில் வராது. உங்கள் இரண்டு பட்டியலிலும் 12 சதவீதக் கணக்குதான் இருக்கிறது, அந்த வகையில் சுத்தம்.

அந்த 1,20,000-ல் மீதியில் பெரும்பகுதி வேரியபிள். 84,000 என்பது இலக்குத் தொகை, வாக்குறுதி அல்ல. பெரும்பாலும் இதை இரண்டு எண்களால் பெருக்குவார்கள், நிறுவனத்தின் அந்த ஆண்டு நிலைக்கு ஒன்று, உங்கள் மதிப்பீட்டுக்கு ஒன்று. நிறுவனம் 80 சதவீதம் என்று அறிவித்து, உங்கள் மதிப்பீட்டுக்கு 90 சதவீதம் வந்தால், பெருக்கினால் 72 சதவீதம். கைக்கு 60,480. இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல எண்களாகத்தான் தெரியும், பெருக்கிய பிறகுதான் கால்பங்குக்கு மேல் போனது தெரியும். முதல் ஆண்டில் சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு. இரண்டு மாத நோட்டீஸ் முடித்து அக்டோபரில் சேர்ந்தால் மார்ச் வரை ஆறு மாதம், இலக்கே 42,000 ஆகிவிடும். அதற்கும் மேலாக, "பணம் வழங்கும் தேதியில் பணியில் இருக்க வேண்டும், ராஜினாமா கொடுத்திருக்கக் கூடாது" என்ற வரி அநேகமாக இருக்கும். மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு ஜூலையில் கொடுப்பார்கள் என்றால், ஜூனில் விலகுபவருக்கு முழு ஆண்டு உழைப்புக்கும் ஒன்றும் வராது. அதனால் எச்.ஆர்.-இடம் "வேரியபிள் கிடைக்குமா" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "உங்கள் பிரிவில் என் நிலையில் உள்ளவர்களுக்குக் கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள், எந்த மாதம் கொடுத்தீர்கள்" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால், கணக்கில் பாதிக்கு மேல் போடாதீர்கள்.

அடுத்தது கிராஜுவிட்டி. உங்கள் விஷயத்தில் இதுதான் முடிவையே மாற்றக்கூடியது, நீங்கள் கேள்வியில் குறிப்பிடவே இல்லை. பட்டியலில் மாதம் 1,443 என்று இருந்தாலும் அது எந்தக் கணக்கிலும் உங்கள் பெயரில் சேர்வதில்லை. வழக்கமான நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடித்தால்தான் உரிமை வரும். கணக்கு இதுதான்: கடைசி மாத அடிப்படைச் சம்பளம் × 15 ÷ 26 × பணி செய்த வருடங்கள். கடைசி மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவதால், இப்போது வந்த உயர்வு பழைய நான்கு வருடங்களுக்கும் சேர்த்தே பலன் தருகிறது. பழைய அடிப்படைச் சம்பளமான 21,600-ஐ மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஐந்து வருடத்துக்கு 62,308. 30,000-ல் அதே ஐந்து வருடத்துக்கு 86,538. கடிதத்தில் யாரும் எழுதாத உயர்வு இது.

உங்களுக்கு ஐந்து வருடம் முடிய இன்னும் பத்து மாதம். இப்போதே விலகினால் அந்த 86,538 கிடையாது, வடபழஞ்சியில் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் பணி முடித்தாலே ஐந்து வருடமாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஆனால் எந்தெந்த நாட்களை எண்ணுவது என்பதிலிருந்தே தகராறு வரும், எல்லா நிறுவனமும் அதை ஏற்றுக் கொடுப்பதில்லை. அதை நம்பி ராஜினாமா தேதியைக் குறிக்காதீர்கள். உங்கள் நிறுவனம் அந்தக் கணக்கை ஏற்கிறது என்று மின்னஞ்சலில் பதில் வந்தால் மட்டும் நம்புங்கள். புதிய ஆஃபரில் "குறிப்பிட்ட கால ஒப்பந்தம்" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய சட்டத்தில் அத்தகையவர்களுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை உண்டு, ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடியும்.

இதை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். வேரியபிள் 72 சதவீதம் வரும் ஒரு முழு ஆண்டில் புதிய வேலை உங்களுக்குக் கூடுதலாகத் தருவது 28,800-ம் 60,480-ம் சேர்ந்து 89,280. விட்டுவிட்டுப் போவது 86,538. முதல் வருட லாபம் ஏறக்குறைய அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் புதிய வேலையின் கூடுதல் சம்பளம் உண்மையில் கூடுதலாகும். வேரியபிள் வராத ஆண்டாக இருந்தால் இழப்பை ஈடுகட்ட மூன்று வருடம் பிடிக்கும்.

போக்குவரத்தையும் விட்டுவிடக் கூடாது. ஒத்தக்கடையிலிருந்து இலந்தைக்குளம் பக்கம், வடபழஞ்சியோ ஊரைக் கடந்து தேனி சாலையில் மறுபக்கம். நிறுவன வண்டிக்கு மாதாமாதம் பிடித்தம் செய்வார்கள் என்றால் அது சி.டி.சி. பட்டியலில் வராது. மாதம் 1,500 என்று வைத்தாலே ஆண்டுக்கு 18,000, அந்த உறுதியான 28,800-ல் பாதிக்கு மேல். வண்டி உண்டா, கட்டணம் எவ்வளவு, ஷிப்டுக்கு மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இருக்கும் வடிவத்தில் வடபழஞ்சி ஆஃபரை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் அதைத் திருத்திக் கேட்க இடமிருக்கிறது. 8,40,000 என்ற மொத்தத்தை மாற்றாமலே பட்டியலை மாற்றச் சொல்லலாம், அதற்கு நிறுவனங்கள் இறங்கி வருவது சம்பளத்தைக் கூட்டுவதைவிட எளிது. பி.எஃப்.-ஐ உச்சவரம்புக்கு மட்டும், அதாவது 1,800 என்று வைக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பங்கில் மிச்சமாகும் 2,400 சிறப்புப் படியில் சேரும், உங்களிடம் பிடிப்பதும் 2,400 குறையும். கிராஸ் 58,400 ஆகி, கைக்கு 56,392 வரும். அதே ஆஃபரில் மாதம் 4,800 கூடுதல், இப்போதைய சம்பளத்தைவிடவும் 2,400 கூடுதல். வீட்டுக் கடன் தவணை கட்டும் உங்களுக்கு இது வசதி. ஆனால் அந்த 4,800 சேமிப்பிலிருந்து வருவது என்பதை மறக்க வேண்டாம். முடிந்தால் அதைக் கடனின் அசலில் கூடுதலாகக் கட்டுங்கள். இதைச் சேரும் முன்பே பேசி முடிக்க வேண்டும். முழு அடிப்படைச் சம்பளத்தில் ஒருமுறை தொடங்கிவிட்டால் பிறகு குறைப்பது கடினம்.

இரண்டாவதாக, வேரியபிளில் பாதியையாவது நிலையான சம்பளமாக மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது கிராஜுவிட்டி இழப்பைக் காட்டி அதற்கு ஈடாக ஜாயினிங் போனஸ் கேளுங்கள். 86,538 என்ற எண்ணையும் கணக்கையும் மின்னஞ்சலில் வைத்துக் கேட்டால் வெறும் பேரமாகத் தெரியாது. போனஸ் கொடுத்தால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரியைப் படியுங்கள். சம்மதித்த மாற்றங்கள் தொலைபேசியில் சொன்னதாக இருந்தால் போதாது. திருத்திய பட்டியலோடு புதிய ஆஃபர் கடிதம் கைக்கு வந்த பிறகே ராஜினாமா. இரண்டில் ஒன்றுக்காவது அவர்கள் ஒப்புக்கொண்டால் போகலாம். இரண்டும் இல்லை என்றால் பத்து மாதம் இருந்து கிராஜுவிட்டியை வாங்கிக்கொண்டு தேடுங்கள்.

காப்பீட்டில் ஒரே ஒரு கேள்வி: பெற்றோருக்கும் சேர்த்தா? புதிய இடம் ஆண்டுக்கு 13,392 கணக்குக் காட்டுகிறது, இப்போதையது 9,084. அந்தக் கூடுதல் பெற்றோரைச் சேர்ப்பதால் என்றால் அந்த வயதில் அவர்களுக்குத் தனியாக பாலிசி எடுப்பதைவிடப் பெரிய உதவி, மேலே உள்ள கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை.

எந்தப் பக்கம் போனாலும் அரியரை மறந்துவிடாதீர்கள். உயர்வு ஏப்ரல் 1 முதல் அமல் என்பதால் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்கு 4,839 வீதம் 14,517 வர வேண்டும். பி.எஃப். உச்சவரம்பிலேயே நிற்பதால் இதில் பி.எஃப். பிடித்தம் கூடாது, முழுத் தொகையும் வர வேண்டும். நோட்டீஸில் இருப்பவர்களுக்கு அரியர் கிடையாது என்று கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இருந்தால், அரியர் வங்கிக் கணக்கில் ஏறி ஜூலைச் சம்பளச் சீட்டில் தனி வரியாகத் தெரிந்த பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.